டோக்கன் தாமோதரன் உயிலை வைத்த இடம்

கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்கத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு பேர் பூமிக்குள் இறங்கினார்கள். அவர்களில் எவன் கீழே இருக்கிறான், எவன் மேலே வந்துவிட்டான் என்று எந்த நேரத்திலும் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் டோக்கன் தாமோதரன். சாம்பியன் ரீப்ஸுக்கும் கோரமண்டலுக்கும் நடுவில் இருந்த அந்தச் சுரங்கத்தில் ஏசுபாதம் என்கிற நான் ரைட்டர், அதாவது ஆஜர் எழுதுகிற, அறிவிப்பு ஒட்டுகிற, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருகிற ஆள். என் மேஜைக்கு அடுத்த ஜன்னல்தான் தாமோதரனுடையது. இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்குத்தான் உரிமை என்று நினைக்கிறேன். வேறு யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

டோக்கன் வேலை பார்க்க எளிது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை உண்டு. ஷிப்டுக்கு இறங்கும்போது அதை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தாமோதரன் அதை வாங்கி, சுவர்ப் பலகையில் அந்த ஆள் இறங்குகிற ஷாப்டுக்கு, அதாவது சுரங்கக் குழிக்கு, உரிய வரிசையில், ஆணியில் மாட்டுவார். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார். ஷிப்ட் முடிந்து ஆணியில் ஒரு டோக்கன் மிச்சம் தொங்கினால், ஒரு ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அப்போது தாமோதரன் விடுகிற சத்தத்தில் ஆள்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டை ஓட்டுகிற டக்ளஸ் இஞ்சினை விட்டு எழுந்து ஓடி வருவான். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் கையில் ஒரு டோக்கன்கூடத் தொலைந்ததில்லை. இதை அவரே எனக்கு வாரத்துக்கு ஒரு முறை சொல்வார்.

மற்றவர்களுடைய டோக்கனில் இவ்வளவு ஒழுங்காக இருந்த மனிதர், தன் சொந்தப் பொருள்களில் ஒரு விசித்திரப் பிறவி. எதையும் வெளியில் வைக்க மாட்டார். உப்பை அரிசிப் பானைக்குள் புதைப்பார். சம்பளத்தைக் குடைத் துணியின் மடிப்பில் வைத்துத் தைப்பார். ஒரு முறை ஊசியை எங்கே ஒளித்தோம் என்று மறந்துபோய், குடையைப் பிரிக்கக் கத்தி கேட்டு என்னிடம் வந்தார். அவர் மேல் வெளிப்படையாகத் தொங்கியது ஒரே ஒரு சாமான்தான். அது மூக்குப்பொடி டப்பி. பித்தளை டப்பி, கழுத்தில் வளையம், அதில் கறுப்புக் கயிறு, இடுப்பில் முடிச்சு. தூங்கும்போதுகூட அதை அவிழ்க்க மாட்டார்.

அவருக்குப் பெற்ற பிள்ளை இல்லை. கூட வேலை செய்த ஒருவனும் அவன் பெண்சாதியும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட, அவர்களுடைய ஏழு வயதுப் பெண் பாக்கியவதியைத் தாமோதரனும் அவர் மனைவியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மனைவியும் பின்னால் காலமாகிவிட்டார். அப்பாவும் பெண்ணுமாக மிஞ்சினார்கள். பேத்தமங்களா ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் தரிசு ஒன்றைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, கிணறு வெட்டி, சின்னதாக ஓட்டு வீடு ஒன்றும் கட்டினார். அதைத் தோட்டமாக்கியது பாக்கியவதி. கத்திரியும் கனகாம்பரமும் அவள் கையில் அப்படி வந்தன. வாரத்தில் நாலு நாள் அங்கே இருப்பாள், மீதி நாள் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைனில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவருவாள்.

சிக்கல் இதுதான். வளர்த்த பெண்ணுக்கு அந்தத் தோட்டத்தில் சட்டப்படி ஒரு பிடி மண்கூடக் கிடையாது. தாமோதரன் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், தோட்டம் வேலூர்ப் பக்கத்தில் இருந்த அவருடைய அண்ணன் மகன் முனியப்பனுக்குத்தான் போகும். முனியப்பன் கெட்டவன் இல்லை. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் வருவான், வேலியோரமாக நடந்து காலடியால் தோட்டத்தை அளப்பான், இந்த மூலையில் இருபது தென்னை வைக்கலாம் என்று பாக்கியவதியிடமே சொல்வான். அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைப்பாள்.

தொண்ணூற்றைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமோதரன் என் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார், ஜன்னலையும் சாத்தச் சொன்னார். தோட்டமும் வீடும் பாக்கியவதிக்கு என்று உயில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நானும் டக்ளஸும் அவர் கண்ணெதிரே சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். எனக்கும் ஏதாவது எழுதி வைப்பதாகச் சொன்னார். சாட்சிக்காரனுக்குப் பங்கு வைத்தால் பின்னால் வீண் பேச்சு வரும், வேண்டாம் என்றேன். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பத்திரமாக வைப்பேன் என்றார். அதோடு விட்டுவிட்டேன். அது என் தப்பு. இத்தனை காகிதம் எழுதிய எனக்கு அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அவர் எப்படி யோசித்தார் என்று பின்னால் அவரே சொல்லக் கேட்டேன். லைன் குடிசையில் வைக்கலாமா? கோடைக்குக் கோடை கூரை பற்றி எரிகிறது. மண் சுவரில் புதைக்கலாமா? கறையான் அவருடைய கல்யாணப் பத்திரிகையையே தின்றிருக்கிறது. பேத்தமங்களா வீட்டில் வைத்தால் முனியப்பன் பொங்கலுக்கு வந்து துழாவுவான். என்னிடம் கொடுக்கலாம் என்றால் எனக்கு ஆறு பிள்ளைகள், வீடும் ஒழுகுகிறது. எங்கள் கோயில் இரும்புப் பெட்டி ஞாபகம் வந்ததாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பாதிரியார் மாறுகிறாரே என்று அதையும் தள்ளிவிட்டார். பாக்கியவதியிடம் கொடுத்தாலோ, தனக்காக எழுதிய காகிதம் என்று தெரிந்தால் அந்தப் பெண் கூச்சத்தில் தோட்டத்துப் பக்கமே போகமாட்டாள்.

இப்படி எல்லா இடத்தையும் கழித்துவிட்டு, ராவும் பகலும் காவல் உள்ள, தீப்பிடிக்காத, கறையான் வராத, டோக்கன் இல்லாமல் எவனும் நுழைய முடியாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். டோக்கன் வாங்குகிறவரே அவர்தானே. கம்பெனி வருவதற்கு முன்பே யாரோ தோண்டிய பழைய ஷாப்ட் ஒன்று எங்கள் வளாகத்தின் ஓரத்தில் இருந்தது. நாற்பதடி ஆழம், மர ஏணி, மேலே பலகைக் கதவு, பூட்டு. காற்று வருவதற்காக அதை மூடாமல் வைத்திருந்தார்கள். சாவி தாமோதரனின் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உயிலைப் பிஸ்கோத்து டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, அதைக் கொண்டுபோய் அடியில் ஒரு பாறைப் பொந்தில் வைத்துவிட்டு வந்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரண்டு வருஷம் நிம்மதியாகப் பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றேழு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, சுரங்கத்தை நடத்துகிற கேப்டன் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு அறிவிப்பைத் தமிழில் எழுதி ஒட்டச் சொன்னார். பழைய ஷாப்டின் பக்கச் சுவர் சரிகிறது, அன்று மதியம் இரண்டு மணி முதல் கழிவுக் கல்லைக் கொட்டி அதை மூடப் போகிறார்கள் என்பது செய்தி. எழுதி ஒட்டினேன். தாமோதரன் ஜன்னலிலிருந்தே படித்தார். முகம் வெளுத்தது. வெயில் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு, ஷிப்ட் மாறுவதற்கு இன்னும் நேரம் இருக்கும்போது, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பாக்கியவதி களியும் கீரையும் கொண்டுவந்தாள். ஜன்னலில் ஆள் இல்லை. எங்கேயாவது கொல்லைப் பக்கம் போயிருப்பார், உட்கார் என்றேன். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிறுமியாக இருந்ததிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவள். எந்த வரிசை எந்த ஷாப்ட் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைசி வரிசை பழைய ஷாப்டுக்கு உரியது. ஒன்பது வருஷமாக அந்த ஆணிகள் ஒரு டோக்கனையும் பார்த்ததில்லை, துருப்பிடித்துக் கிடந்தன. திடீரென்று எழுந்து என் மேஜைக்கு வந்தாள்.

"ரைட்டர் மாமா, கடைசி வரிசையில இன்னாது தொங்குது?"

பார்த்தேன். பொடி டப்பி. மறந்துபோய் மாட்டியிருப்பார் என்றேன்.

"அப்பா அத்த வுட்டுட்டு எங்கியும் போவாது. அந்த ஆணியில தொங்குதுன்னா அப்பா அந்த ஷாப்டுக்குள்ள கீது."

சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் நான் காலையில் ஒட்டிய அறிவிப்பு கண்ணில் பட்டது. இரண்டு மணி, கழிவுக் கல். என் கால் என்னைக் கேட்காமலே ஓட ஆரம்பித்தது. எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

பலகைக் கதவு மூடியிருந்தது, ஆனால் பூட்டு திறந்து கிடந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அந்த மகா புத்திசாலி உள்ளே போய்க் கதவைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார். திறந்து கூப்பிட்டோம். அடியிலிருந்து பதில் வந்தது. ஏணியின் பாதியில் இரண்டு படி உளுத்துப்போய் முறிந்து, அவர் மீதித் தூரத்தை விழுந்தே கடந்திருக்கிறார். கணுக்கால் பிசகிவிட்டது. ஏறவும் முடியவில்லை, கத்தினால் மேலே கேட்கவும் இல்லை. சுற்றிலும் கல்லுடைக்கும் மில்லின் சத்தம் அப்படி. டக்ளஸ் கயிறும் மூன்று ஆட்களுமாக வந்தான். இடுப்பில் பலகை கட்டி மேலே இழுத்தோம். அப்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை. கல் வண்டிகள் தூரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

மேலே வந்த மனிதர் அழுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். உடம்பெல்லாம் சேறு, ஒரு கால் தரையில் ஊன்றவில்லை, நெஞ்சோடு ஒரு பிஸ்கோத்து டின். பாக்கியவதி ஆணியிலிருந்து எடுத்து வந்திருந்த பொடி டப்பியைத் திறந்து நீட்டினாள். இரண்டு விரல் நிறைய எடுத்து உறிஞ்சி, ஏழு தும்மல் தும்மினார். அந்தத் தும்மலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. அதன் பிறகு அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், நான் டின்னைத் திறந்தேன்.

உள்ளே உயில் இல்லை. மெழுகு வெடித்து ஈரம் இறங்கி, காகிதம் ஊறிய அப்பளம்போல் ஒட்டிக்கிடந்தது. என் எழுத்து முழுவதும் நீலமாகக் கரைந்திருந்தது. ஒரு பெயர்கூடப் படிக்க முடியவில்லை. தீயும் கறையானும் அண்டாத இடத்தைத் தேடியவர் ஈரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு, என் மேஜையில் காலை நீட்டி வைத்து எண்ணெய் தடவிக்கொண்டே அவர் சொன்னதுதான் இந்த வாழ்க்கைக் கதைக்கே மையம். கீழே இருட்டில் கால் வலிக்கப் பொடி போடலாம் என்று இடுப்பைத் தடவியிருக்கிறார். டப்பி இல்லை. எங்கே என்று யோசித்தபோது ஞாபகம் வந்திருக்கிறது. பலகையைத் தாண்டும்போது கை சும்மா இருக்காமல் அதை ஆணியில் மாட்டிவிட்டிருக்கிறது. ஒன்பது வருஷப் பழக்கம். அவருக்கென்று டோக்கன் கிடையாது, அதனால் கைக்குக் கிடைத்தது டப்பி.

"ஏசுபாதம், அங்க குந்திக்கினு ஒண்ணு புரிஞ்சிச்சி. இந்தக் கெழ ஒடம்பு கீழ போறதுக்கு மேல ஒரு அடையாளம் வெச்சேன். பொண்ணோட வாழ்க்கைய எய்துன காயிதம் ரெண்டு வருசமா கீழ கீது, அதுக்கு ஒரு அடையாளம் வெக்கல. நான் செத்திருந்தா அதும் என்னோட செத்திருக்கும்."

பாக்கியவதிக்கு அப்போதுதான் உயில் என்று ஒன்று இருந்ததே தெரியும். தோட்டம் வேண்டாம், அப்பா இருந்தால் போதும் என்றாள். இரண்டும் வேண்டும் என்று நான் அதட்டினேன். எனக்கு அன்றைக்கு எல்லார் மேலும் கோபம், முக்கியமாக என் மேல்.

செய்தி கேப்டன் காதுக்குப் போனது. அவர் ஜன்னலுக்கு வந்து பதினைந்து நிமிஷம் இங்கிலீஷில் திட்டினார். முடிவில், டோக்கன் வாங்குகிறவனுக்கும் இனி ஒரு டோக்கன் உண்டு, அதை மாட்டாமல் இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று உத்தரவு போட்டார். கொல்லனிடம் சொல்லிப் புது வில்லை வெட்டினார்கள். நம்பர் 614. தண்டனையாகக் கொடுத்ததைத் தாமோதரன் பட்டம்போல் வாங்கிக்கொண்டார். பொடி டப்பிக் கயிற்றிலேயே அதையும் கோத்துவிட்டார்.

உயிலை மறுபடி எழுதினோம். இம்முறை எங்கே வைப்பது என்ற பேச்சுத்தான் எழுத்தைவிட நீளமாக நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். கோலாரில் ஜில்லா ரிஜிஸ்ட்ரார் கச்சேரியில், உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து ஒப்படைக்கலாமாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். தீப்பிடிக்காத இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். மனசு மாறினால் எழுதியவரே விண்ணப்பம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் இறந்த பின் யாராவது போய் விண்ணப்பம் கொடுத்தால், மரணத்தை உறுதிசெய்துகொண்டு, விண்ணப்பித்தவர் எதிரிலேயே பிரித்து, புத்தகத்தில் நகல் எழுதிக்கொண்டு, மூலத்தை மறுபடி பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் தாமோதரன், பலகையும் ஆணியும் அங்கேயும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

கையெழுத்துக்கு முன் என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். என்ன என்று சொல்லவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார், நாங்கள் இருவரும் சாட்சி போட்டோம். அடுத்த லீவு நாளில் அவரும் நானும் டக்ளஸும் ரயிலேறிப் பௌரிங்பேட்டையில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்துக் கோலார் போனோம். புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் உயில். தாமோதரன் பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தார்.

கச்சேரியில் உறையின் மேல் அவர் பெயரையும், உள்ளே இருப்பது உயில் என்பதையும் எழுதச் சொன்னார்கள். இவர் தாமோதரன்தான் என்று நாங்கள் இருவரும் சொன்னோம். அரக்கை உருக்கி மூன்று இடத்தில் ஊற்றியபோது குமாஸ்தா முத்திரை எங்கே என்று கேட்டார். எங்களிடம் மோதிரமும் இல்லை, அச்சும் இல்லை. தாமோதரன் இடுப்பை அவிழ்த்தார். டோக்கனை எடுத்து மூன்று அரக்கிலும் அழுத்தினார். முத்திரையில் என்ன இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டுமாம். குமாஸ்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேதி, நேரம், எங்கள் பெயர்களோடு 614 என்றும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ரசீது ஒன்று கொடுத்தார். உறை இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்ததும், தாமோதரன் கச்சேரி வாசலில் நின்று எங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அவர் கையால் வாங்கிக் கொடுத்து நான் தின்றது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நடந்தது எனக்குத் தொந்தரவு. பதுக்குவதில் மன்னனாக இருந்தவர், உயில் இருக்கிற இடத்தைச் சொல்வதில் தண்டோராக்காரன் ஆகிவிட்டார். ரசீதைப் பாக்கியவதியின் பெட்டியில் வைத்தார். அதில் இருந்த நம்பரையும் தேதியையும் நான் என் பைபிளின் பின்பக்கத்தில் எழுதினேன். டக்ளஸ் இஞ்சின் கொட்டகைக் கதவின் உட்புறத்தில் சுண்ணாம்பால் எழுதினான். நாவிதனிடம் சொன்னார், பால்காரப் பார்வதம்மாவிடம் சொன்னார், கள்ளுக்கடையில் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இடம் ஊருக்கு, விஷயம் எனக்கு என்பார்.

அடுத்த பொங்கலுக்கு முனியப்பன் வந்தபோது நானும் பேத்தமங்களாவில் இருந்தேன். அவன் வழக்கம்போல் அளக்க எழுந்தான். தாமோதரன் அவனை உட்காரவைத்து எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"முனியப்பா, உயில் எய்தி கோலார் ரிஜிஸ்ட்ரார் கச்சேரில வெச்சிருக்கேன். யாருக்கு இன்னான்னு நான் போனப்புறம் போய்க் கேளு. தேடிக்கினு ஊட்டைத் தோண்டாதே."

ஏமாறப் போகிறவனிடமே ஏன் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு கேட்டேன். தெரியாதவன் தேடுவான், தேடுகிறவன் கிழிப்பான். தெரிந்தவன் காத்திருப்பான் என்றார். இதில் எதிர்பாராத லாபம் வேறு. உள்ளே தனக்கு என்ன இருக்கிறதோ என்று தெரியாததால், முனியப்பன் பத்து வருஷம் சித்தப்பாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். மாம்பழம் வந்தது, கம்பளி வந்தது. பாக்கியவதிக்கும் பம்ப் ஹவுஸ் வாசுவுக்கும் கல்யாணம் ஆனபோது பந்தல் போட்டவனே அவன்தான். அளக்கிற பழக்கம் எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியாது. வந்து போக வந்து போக அந்தக் குடும்பம் அவனுக்கு உண்மையாகவே பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜன்னலிலும் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. டோக்கனை நீட்டுகிற ஒவ்வொருவனிடமும் உன் காகிதம் எங்கே என்று கேட்பார். காகிதமே இல்லை என்றால் என் மேஜையைக் காட்டுவார். இருக்கிறது என்றால் யாருக்குத் தெரியும் என்று கேட்பார். யாருக்கும் தெரியாது என்று பெருமையாகச் சொல்கிறவனுக்கு அன்று டோக்கன் மாட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் உபதேசம். ஒரு பெட்டி, இரண்டு பசு, ஒரு தையல் மிஷின் வைத்திருந்தவர்கள்கூட என்னிடம் வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் நேரத்துக்குப் போனதாக ஞாபகமே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு தை மாசம், பொங்கலுக்கு மறுநாள் காலை, பேத்தமங்களாவில் கத்திரிச் செடிகளுக்கு நடுவில் கட்டில் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது தாமோதரன் காலமானார். எழுபத்திரண்டு வயது. ஒரு நாள் படுக்கவில்லை. அவர் மடியில் பாக்கியவதியின் சின்னப் பெண் உட்கார்ந்து டோக்கனைக் கடித்துக்கொண்டிருந்தது. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. மேளமும் பூவும் அதிர்வேட்டுமாக அனுப்பிவைத்தோம். எனக்கும் துக்கம்தான், ஆனாலும் அந்த மேளத்துக்கு என் கால் தாளம் போட்டதை நான் மறைக்க மாட்டேன்.

இழவு கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் பாக்கியவதியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, காதோரம் குனிந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பார்வதம்மா சொன்னாள், நாவிதன் சொன்னான், முன்பின் தெரியாத ஷிப்ட் ஆள்கள் சொன்னார்கள். கோலார். கோலார் கச்சேரி. கோலார்ல கீதும்மா. இருபதாவது ஆளுக்கு மேல் அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கடைசியாக முனியப்பன் வந்தான்.

"ரசீது பத்திரமா கீதாம்மா? கருமாதி முடியட்டும், நானே கூட்டிக்கினு போறேன்."

அப்படியே அழைத்துப்போனான். நானும் போனேன். டக்ளஸ் அதற்கு முன்பே வேலையைவிட்டு மதராஸ் பக்கம் போய்விட்டான். ஊர்ப் பட்டேல் எழுதிக் கொடுத்த மரணச் சீட்டும் விண்ணப்பமும் ரசீதும் கொடுத்தோம். பதினோரு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தை எடுத்து, அரை மணி நேரத்தில் உறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புதிய குமாஸ்தா. முத்திரை 614 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். பாக்கியவதி இடுப்பிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை அரக்கின் மேல் வைத்தார். ஒரு நூலிழைகூட விலகாமல் பதிந்து உட்கார்ந்தது. அப்போது அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கத் தாமோதரன் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ரிஜிஸ்ட்ரார் எங்கள் எதிரில் பிரித்தார். காகிதம் மடிப்புக் கலையாமல், என் எழுத்து அப்படியே கறுப்பாக இருந்தது. தோட்டமும் வீடும் கிணறும் பாக்கியவதிக்கு. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியும். அவர் தன் கையால் சேர்த்த கடைசி வரியைத்தான் எனக்குத் தெரியாது. குமாஸ்தா வாசித்தார். என் பொடி டப்பி முனியப்பனுக்கு, தோட்டத்தை அளந்து அளந்து களைத்திருப்பான், ஒரு சிட்டிகை போடட்டும்.

முனியப்பன் முகத்தை நான் பயத்தோடு பார்த்தேன். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை, இரண்டும்தான். பாக்கியவதி கயிற்றிலிருந்து டப்பியை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள். அதில் பாதி அளவு பொடி இன்னும் இருந்தது. அங்கேயே போட்டான். ஏழு தும்மல். நான் எண்ணினேன்.

நகலைக் காட்டித் தாலுகா கச்சேரியில் தோட்டத்தை அவள் பெயருக்கு மாற்ற ஒரு மாசம்கூட ஆகவில்லை. யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க இருந்த ஒரே ஆள் கூடவே வந்து சாட்சிக்கு நின்றான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. வேலையைவிட்டுப் போனாலும் உலகத்தைவிட்டுப் போனாலும் டோக்கன் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. பேத்தமங்களா வீட்டில் அதை வாங்கிவரப் போனேன். நிலைப்படிக்கு மேல் ஆணி அடித்து, பாக்கியவதி அதை மாட்டியிருந்தாள். அப்பா உள்ளே இருக்கிறார் என்பதுபோல் தொங்கியது. கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். மறுநாள் பதிவேட்டில் 614க்கு நேரே, தொலைந்தது என்று எழுதினேன். இருபது வருஷத்தில் தாமோதரன் தொலைத்த ஒரே டோக்கன் அது. அது எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.